அப்பாவின் வலது சிறுநீரகம்

ஜனவரி 14

பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அப்பாவுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். கல் இல்லை. வலது சிறுநீரகத்தில் 2.6 சென்டிமீட்டர் கட்டி. வலியும் இல்லை, சிறுநீரில் ரத்தமும் இல்லை. ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்வரை அப்பா பேசவே இல்லை.

ஜனவரி 29

சாய மருந்து ஏற்றி சிடி ஸ்கேன். கட்டி சாயத்தை உறிஞ்சியிருக்கிறது. அப்படியென்றால் வெறும் நீர்க்கட்டி அல்ல, புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் இந்த அளவுள்ள கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சாதாரணக் கட்டிதானாம். சிடியில் அளவு 2.2. "சுருங்கிடுச்சு!" என்றார் அம்மா. இல்லை, இரண்டு கருவிகளும் அளக்கும் விதம் வேறு. இனி சிடியைச் சிடியோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிப்ரவரி 6

சிறுநீரக அறுவை மருத்துவர் நிதானமாகப் பேசினார். முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கிற பேச்சே இல்லை; கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம். அதற்கு ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்க வேண்டும். அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏற்கெனவே 46. அது 60க்குக் கீழே நீடித்தாலே நாள்பட்ட பாதிப்பு. இன்னும் இறங்கினால்? என் பயமெல்லாம் அதுதான்.

அடுத்தது, முதுகு வழியாக ஊசி செலுத்திக் கட்டியை உறையவைத்து அழிப்பது. 3 சென்டிமீட்டர் வரை நன்றாக வேலை செய்யும். மிச்சம் விட்டுப்போக அறுவையைவிடச் சற்றே வாய்ப்பு அதிகம், ஆனால் மறுபடி செய்யலாம். கட்டி பின்பக்கம், குடலுக்குத் தள்ளி இருப்பதால் ஊசிக்கு வசதியான இடம்.

மூன்றாவது, கண்காணிப்பு. இத்தகைய கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் போலத்தான் வளர்கின்றன. முதல் சில ஆண்டுகளில் வேறு உறுப்புக்குப் பரவுவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். ஆனால் அந்த ஓரிருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

பிப்ரவரி 9

கண்காணிப்பு என்று முடிவெடுத்தோம். தம்பிக்குக் கோபம். "புற்றுநோயா இருக்கலாம்னு தெரிஞ்சும் சும்மா இருக்கணுமாக்கா?" சும்மா இருப்பதில்லை, தேதி வைத்து ஸ்கேன் எடுப்பது. 50 வயதுக்காரருக்கு என்றால் நானே அறுவை என்றிருப்பேன். அப்பாவின் இதயமும் மிச்சமுள்ள சிறுநீரகத் திறனும் இந்தக் கட்டியைவிட அவசரமான விஷயங்கள். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதையும் தள்ளிவைத்தோம். ஸ்டென்டுக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார், முடிவு எதுவானாலும் இப்போதைக்குத் திட்டம் மாறப்போவதில்லை.

அப்பா சொன்னது ஒன்றுதான்: "இந்தக் கண்காணிப்பை எப்ப நிறுத்தணும்னு இப்பவே எழுதி வைம்மா." எழுதினேன்: கட்டி 3 சென்டிமீட்டரை நெருங்கினாலோ, ஓராண்டில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சதைப் பரிசோதனை, அப்புறம் உறையவைப்பு.

ஆகஸ்ட் 4

இரண்டாவது சிடி. 2.4. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் அளவெடுக்கும்போதே வரக்கூடியது என்றார் மருத்துவர். வடிகட்டும் திறன் 45. தம்பியும் கூட வந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அடுத்த ஸ்கேன் பிப்ரவரியில்.