ஓலைப்பெட்டி விற்றதில் கையில் நின்றது எவ்வளவு?

குளச்சல் பக்கம் எங்கள் வீட்டில் மைனி பனையோலைப் பெட்டி முடைவார். படம் எடுத்து ஆன்லைன் தளத்தில் ஏற்றுவது, பார்சல் கட்டுவது, கணக்கு எழுதுவது என் பங்கு. மூடி போட்ட ஒரு பெட்டிக்கு 450 ரூபாய் விலை வைத்திருந்தோம். அனுப்பும் செலவும் அதற்குள் அடக்கம்.

ஒரு பெட்டி விற்றால் தளம் எடுப்பது இது: கமிஷன் 12 சதவீதம், அதாவது 54 ரூபாய். ஆர்டருக்கு நிலையான கட்டணம் 20. கூரியர் 125. இந்த மூன்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து பதிவில்லாத சிறு விற்பனையாளர்களும் என்ரோல்மென்ட் எண் வாங்கி, சொந்த மாநிலத்துக்குள் தளங்களில் விற்கலாம் என்ற வழியில்தான் விற்கிறோம். அதனால் அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, முழுதும் செலவுதான். எல்லாம் போக வங்கியில் விழுவது 215 ரூபாய்.

ஓலை, சாயம் 60, அட்டைப்பெட்டி, டேப், காகிதம் 30 என்று கழித்தபோது மைனி கேட்டார்: “அப்போ என் கூலி எங்க மக்கா?” சரியான கேள்வி. வீட்டு ஆள் முடைகிறார் என்பதற்காகக் கூலியை விட்டுவிட்டால் வருவது லாபம் ஆகாது. கூலி 100 சேர்த்த பிறகு மிச்சம் 25 ரூபாய்.

அந்த 25-உம் எதுவும் திரும்பி வராத ஆர்டருக்குத்தான். அதனால் ஒற்றைப் பெட்டியை வைத்துக் கணக்குப் பார்ப்பதை விட்டு, அனுப்பிய இருபது பார்சலை மொத்தமாகப் போட்டுப் பார்த்தேன். 17 நின்றது. இரண்டை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒன்று ஆள் இல்லாமல் டெலிவரி ஆகாமலே வந்தது. எங்கள் தளத்தில் டெலிவரி ஆகாததற்குக் கூரியர் பிடிப்பதில்லை, பேக்கிங் மட்டும் நஷ்டம். வாங்கியவர் திருப்பினால் கமிஷனும் நிலையான கட்டணமும் திரும்பக் கிடைக்கும்; போன கூரியர், வந்த கூரியர் இரண்டும் நம் தலையில். ஜிஎஸ்டியோடு அது 295 ரூபாய், பேக்கிங் 30 தனி. திரும்பி வந்ததில் ஒன்று நசுங்கியும் இருந்தது, அதன் அடக்கம் 160. ஆக 17 பெட்டியில் வந்த 428 ரூபாய்க்கு எதிரே 840 ரூபாய் போனது. இருபது பார்சலுக்கு 412 ரூபாய் நஷ்டம்.

கூரியர் ஏன் 125? பெட்டியின் எடை அரைக் கிலோ கூட வராது. ஆனால் கூரியர்காரர்கள் அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்த எடையா உண்மையான எடையா, எது கூடுதலோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். எங்கள் அட்டைப்பெட்டி 25×25×20. வகுத்தால் இரண்டரைக் கிலோ. உள்ளே காற்றுக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்! முதல் அரைக் கிலோவுக்கு 45, அப்புறம் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 20. ஓலைப்பெட்டியை அளந்து, 24×24×17 அட்டைப்பெட்டிக்கு மாறினோம். 1.96 கிலோ, ஆகவே இரண்டு கிலோ கணக்கில் அடங்கும். இதில் பார்சலுக்கு ஜிஎஸ்டியோடு 23 ரூபாய் 60 காசு மிச்சம். உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் அடுத்த படிக்குப் போய்விடும், அதனால் டேப் ஒட்டி முடித்த பிறகும் அளந்து பார்க்க வேண்டும். இப்படிச் செய்தும் அதே இருபது பார்சலுக்கு நிகரமாக 84 ரூபாய்தான் தேறியது.

வழி மைனி முடைந்து வைத்திருந்த அடுக்குப்பெட்டியில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி, விலை 950. அடக்கம் 390. உள்ளே இருக்கும் இரண்டும் அந்தக் காற்று இருந்த இடத்தில்தான் உட்காருகின்றன, எடை ஒரு கிலோவைத் தாண்டவில்லை. கூரியர் ஒரு பைசா ஏறவில்லை. தளத்தின் பிடித்தம், பேக்கிங், அடக்கம் எல்லாம் போக ஒரு செட்டுக்கு 248. அதே அளவு திரும்பி வந்ததாக வைத்து, ஒரு செட் முழுதும் நசுங்கியதையும் கழித்தால் இருபது பார்சலுக்கு ஏறத்தாழ 3,240, பார்சலுக்கு 162. விற்பனை ஒற்றைப் பெட்டி அளவுக்கு வேகமாக இல்லை, அது உண்மை. ஆனால் ஒற்றைப் பெட்டியை எத்தனை விற்றாலும் மைனிக்கு வேலைதான் கூடும்.

திருப்பி அனுப்புகிறவர்கள் சொல்லும் காரணத்தையும் எழுதி வைக்கிறேன். எங்களுக்கு அதிகம் வந்தது பூஞ்சை வாடை. நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சாயம் போட்ட ஓலை மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பின்னல் மடிப்பில் ஈரம் நிற்கும். அதைப் பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் போய்ச் சேருவதற்குள் கரும்புள்ளி விழுந்துவிடும். இப்போது மூடியைக் கழற்றி வெயிலில் வைத்து, காகிதத்தில் மட்டும் சுற்றி அனுப்புகிறோம். விடாத மழை நாட்களில் தளத்தில் இருப்பை பூஜ்யமாக்கி வைத்துவிடுகிறேன்.