சாய்தளக் கணக்கில் விசைப்படத்தை நாமே சரிபார்ப்பது எப்படி

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாலை வேளையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். இயக்க விதிகள் பாடம் வந்ததும் சாய்தளத்தில் பொருள் வைத்த கணக்குதான் பலரைத் தடுக்கிறது. அவர்கள் நோட்டைப் பார்த்தால் பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். தவறு அதற்கு முன்னாலேயே, தனித்த பொருளின் விசைப்படத்தில் நடந்திருக்கும். படம் தவறு என்று தேர்வு அறையில் நமக்கு யாரும் சொல்லப்போவதில்லை. நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் பிள்ளைகளைப் பழக்கும் முறையை ஒரே கணக்கை வைத்து இங்கே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி, 2 செ.மீ. தடிமனுள்ள துண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை ஒரு மீட்டர் நீளப் பலகையின் மேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துவோம். முனை 37 செ.மீ. உயரத்துக்கு வரும்போது கல் நழுவத் தொடங்குகிறது. அந்த நிலையில் உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால், 37-ஐ 93-ஆல் வகுக்க, 0.4 வருகிறது. இந்தக் கல்லுக்கும் பலகைக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் அதுதான். புத்தகம் ஒரு எண்ணைக் கொடுத்து விடுவதைவிட இப்படிக் கையால் எடுத்த எண்ணில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை கூடுகிறது.

இப்போது கணக்கு. பலகையை 50 செ.மீ. உயர்த்தினால் கோணம் 30°. கல் தானாக நிற்காது. அதைக் கிடைமட்டமாக, பலகையை நோக்கி 40 N விசையால் தள்ளிப் பிடிக்கிறோம். g = 10 m/s² என்று வைத்துக்கொண்டால் எடை mg = 50 N. கல் நகருமா, நகராதா? உராய்வு எவ்வளவு, எந்தப் பக்கம்?

முதலில் படம். பலகையை வரையாதீர்கள், கல்லை மட்டும் வரையுங்கள். சாய்வின் திசை தெரிய ஒரு மெல்லிய கோடு போதும். இனி, கல்லை எது எது தொடுகிறது என்று பாருங்கள்: பலகை, கை. தொடாமலே இழுப்பது பூமி ஒன்றுதான். பூமியிடமிருந்து நேர் கீழ்நோக்கி mg. கையிடமிருந்து கிடைமட்டமாக F. பலகையிடமிருந்து இரண்டு: பரப்புக்குச் செங்குத்தாக வெளிப்பக்கம் N, பரப்பை ஒட்டி உராய்வு f. ஆக நான்கு அம்புகள். ஐந்தாவது ஒன்று இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாவது அம்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். mg-ஐயும் வரைந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே mg sinθ, mg cosθ இரண்டையும் அதே கனத்தில் அம்பாக வரைந்துவிடுவார்கள். பிறகு கூட்டும்போது எடை இரண்டு முறை வந்துவிடும். ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டு "இதைக் கொடுத்தது யார்?" என்று கேட்டால் இது பிடிபடும். mg-க்கும் mg sinθ-க்கும் ஒரே பதில், பூமி, என்று வந்தால் ஒன்றை நீக்க வேண்டும். கூறுகளைப் புள்ளிக்கோட்டில் தனிப் படத்தில் போடுவதே நல்லது. "ma" என்று ஒரு அம்பு போடுபவர்களும் உண்டு. அதை யார் கொடுத்தது என்று கேட்டால் பதிலே இருக்காது. அது விசைகளைக் கூட்டி வந்த விளைவு, சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இருக்க வேண்டியது.

அடுத்து கோணம். சாய்வை ஒட்டி வருவது sin-ஆ, cos-ஆ? மனப்பாடம் செய்தால் தேர்வு அன்று மாறிவிடும். இப்படிப் பாருங்கள்: பலகை தரையில் கிடக்கும்போது அதற்குச் செங்குத்தான கோடு நேர் கீழே, எடையின் மேலேயே கிடக்கிறது. பலகையை 30° சாய்த்தால் அந்தக் கோடும் 30° சாய்கிறது, எடை மட்டும் திசை மாறாமல் நிற்கிறது. ஆகவே எடைக்கும் பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் θ. கோணத்தை ஒட்டிய கூறு cos, எனவே பரப்பை அழுத்துவது mg cosθ, சரிவில் இறங்குவது mg sinθ.

இதில் சந்தேகம் வந்தால் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரி அங்கே இறங்கும்போது சரிவு சில டிகிரிதான். லாரியின் எடையில் பெரும்பகுதி சாலையைத்தான் அழுத்துகிறது. ஒரு சிறு பங்குதான் வண்டியைக் கீழே இழுக்கிறது. பாரம் ஏற்றிய லாரிக்கு அந்தச் சிறு பங்கே டன் கணக்கில் வருவதால்தான் பிரேக் திணறுகிறது. கோணம் சிறியதாக இருக்கும்போது சிறியதாக இருப்பது sin. எனவே சரிவை ஒட்டியது sin. படத்தையும் அதனால்தான் 45°-க்குப் பக்கத்தில் வரையக் கூடாது என்பேன். சாய்வை 20° போலத் தட்டையாக வரைந்தால் இரண்டு கூறுகளின் நீளமும் நன்றாக வேறுபடும், மாற்றிப் போட்டால் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கின் சிக்கல் எடையில் இல்லை, கையின் விசையில் இருக்கிறது. "சரிவை ஒட்டினால் sin" என்று பழகிய கை F-க்கும் அதையே எழுதிவிடும். F கிடைமட்டம். கிடைமட்டத்துக்கும் சரிவுக்கும் இடையே உள்ள கோணம்தான் θ. எனவே சரிவில் மேல்நோக்கி F cosθ = 34.6 N, பரப்பை அழுத்துவது F sinθ = 20 N. எடைக்கு நேர் எதிர். இதையும் கோணத்தைச் சுருக்கிப் பார்த்துச் சோதிக்கலாம்: பலகையைத் தரையில் கிடத்தினால் கிடைமட்டத் தள்ளல் முழுவதும் பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும். θ = 0 என்றால் F cosθ = F. சரி.

கூறுகள் கிடைத்துவிட்டன. பரப்புக்குச் செங்குத்துத் திசையில் கல் நகராது, எனவே

N = mg cosθ + F sinθ = 43.3 + 20 = 63.3 N

இங்கே N = mg cosθ என்று நிறுத்திவிட்டால் கணக்கு கெட்டது. அது வேறு எந்த விசையும் பரப்பை அழுத்தாதபோது மட்டும் பொருந்துகிற விடை, பொது விதி இல்லை.

உராய்வின் திசைக்கு வருவோம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் உறுதியாகக் கேட்டாள்: "அக்கா, கல்லு கீழே தானே வழுக்கும்? அப்போ உராய்வு மேலே தானே?" தள்ளாமல் விட்டால் அவள் சொல்வது சரி. இங்கே தள்ளுகிறோம். பலகையை எண்ணெய் பூசினதுபோல உராய்வே இல்லாததாக நினைத்துக்கொண்டு, கல் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க வேண்டும். மேல்நோக்கி 34.6 N, கீழ்நோக்கி 25 N. கல் மேலே ஏறும். அதைத் தடுக்க உராய்வு சரிவில் கீழ்நோக்கி வர வேண்டும், அளவு 34.64 − 25 = 9.64 N.

"μN போட வேண்டாமா?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. μN என்பது ஓய்வுநிலை உராய்வின் உச்ச அளவு. இங்கே அது 0.4 × 63.3 = 25.3 N. பலகையால் 25.3 N வரை தர முடியும்; தேவைப்படுவது 9.64 N தான், அதனால் அவ்வளவுதான் தருகிறது. கல் நகராது. f = 25.3 N என்று எழுதியிருந்தால், உராய்வே கல்லைக் கீழே தள்ளுகிறது என்ற நடக்காத முடிவுக்கு வந்திருப்போம். உராய்வு தானாக ஒரு பொருளை இழுத்துக்கொண்டு போவதாக விடை வந்தால், அங்கே μN-ஐ அவசரப்பட்டுப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு. இதுவரை அச்சுகளைச் சரிவை ஒட்டி வைத்தோம். இப்போது அதே நான்கு விசைகளையும் சாதாரணக் கிடைமட்டம், நேர்குத்து அச்சுகளில் பிரித்துப் பார்க்க வேண்டும். இயற்கைக்கு நாம் எந்த அச்சை வைத்தோம் என்று தெரியாது. விடை சரியென்றால் இங்கேயும் சமன் ஆக வேண்டும்.

நேர்குத்துத் திசையில் மேல்நோக்கி N cos30° = 54.82. உராய்வு சரிவில் இறங்குவதால் கீழ்நோக்கி 9.64 × 0.5 = 4.82. மீதம் மேல்நோக்கி 50.0. எடை 50. சமன். கிடைமட்டத்தில் F 40 N பலகையை நோக்கி. எதிர்ப்பக்கம் N sin30° = 31.65, உராய்விலிருந்து 9.64 × 0.866 = 8.35. கூட்டினால் 40.0. இதுவும் சமன்.

sin, cos மாற்றிப் போட்டிருந்தாலோ, உராய்வைத் தலைகீழாக வைத்திருந்தாலோ இந்த இரண்டு வரியும் ஒத்துவராது. எடையின் கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 50 வருகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். அது போதாது, sin, cos இடம் மாறினாலும் அந்தக் கூட்டல் சரியாகவே வரும். அதேபோல ஒரு விசையையே படத்தில் விட்டுவிட்டால் அச்சு மாற்றும் சோதனையும் காப்பாற்றாது, விட்டது இரண்டு அச்சிலும் விட்டதுதான். அதற்குத்தான் முதலில் சொன்ன, யார் தொடுகிறார்கள் என்ற கேள்வி.

கல் நகரும்போது சோதனை கொஞ்சம் மாறும். கையை எடுத்துவிடுகிறோம், இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். N = 43.3 N, உராய்வு மேல்நோக்கி 13 N, முடுக்கம் (25 − 13)/5 = 2.4 m/s², சரிவில் கீழ்நோக்கி. இப்போது நேர்குத்தில் சமன் தேடக் கூடாது. மேல்நோக்கி N cos30° + f sin30° = 37.5 + 6.5 = 44. எடை 50. கீழ்நோக்கி 6 N மிஞ்சுகிறது. முடுக்கத்தின் நேர்குத்துக் கூறு 2.4 × 0.5 = 1.2, நிறை 5-ஆல் பெருக்கினால் 6. விடை நிற்கிறது.