இனிஷியலை விரிக்கும் முன் அப்பா பெயரைப் பாருங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் விண்ணப்பம் எழுதித் தரும் எங்களிடம் பெயர்ப் பிரச்சினையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரின் எழுத்துகளைத்தான் பார்க்கிறார்கள். சிக்கல் இருப்பது இனிஷியலில். ஒற்றை எழுத்தாக இருக்கும்வரை அது தொந்தரவு செய்யாது. பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் இனிஷியலை ஏற்காமல் முழுப்பெயர் கேட்கும்போதுதான் அப்பா பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது வெளியே வரும்.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். பெண் பெயர் எழிலரசி, அப்பா தனசேகரன். தமிழில் எல்லா இடத்திலும் த. எழிலரசிதான். பள்ளிப் பதிவில் EZHILARASI T, வங்கிப் புத்தகத்தில் T.EZHILARASI, ரேஷன் அட்டையில் Elilarasi. அப்பாவின் ஆதாரிலோ Dhanasekaran. T என்ற எழுத்தை விரித்தால் D-யில் தொடங்கும் பெயர் வருகிறது. கவுண்டரில் இருப்பவர் கேள்வி கேட்பது நியாயம்தான். சண்முகம், ஞானசேகரன் போன்ற பெயர்களிலும் இதே வம்பு உண்டு: S-ஆ C-ஆ, G-யா N-ஆ என்று.

ஆகவே முதலில் அப்பாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பட்டா ஆகியவற்றை மேசையில் பரப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் உள்ள எழுத்துக்கூட்டலே குடும்பத்துக்கான எழுத்துக்கூட்டல். பிள்ளையின் T-க்காக அப்பாவின் ஆதாரை மாற்றப் போகாதீர்கள். அவருடைய பானும் வங்கிக் கணக்கும் அடுத்தடுத்து இடறும்.

எழிலரசி இன்னும் ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் வேலை சுலபம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன், தலைமையாசிரியரிடம் பிறப்புச் சான்றிதழையும் அப்பாவின் ஆதாரையும் கொடுத்து, பள்ளியின் எமிஸ் பதிவில் T-யை D ஆக்கச் சொல்ல வேண்டும். பட்டியலின் அச்சுப் பிரதியில் கையெழுத்துக் கேட்பார்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் போட்டுவிடாமல் ஆங்கில வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பள்ளி, மாவட்ட அலுவலகம், சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககம் என்று நீளும். படித்து முடித்தவர் என்றால் சான்றிதழை அப்படியே விட்டு, மாற்றுச் சான்றிதழில் உள்ள அப்பாவின் முழுப்பெயரையும் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி உறுதிமொழியையும் உடன் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரம் கூடாது. கொடுக்கும் சான்றில் இருப்பதைத்தான் அங்கே பதிவார்கள். பள்ளிச் சான்றில் ஒற்றை எழுத்து இருக்க, ஆதாரில் முழுப்பெயர் கேட்டால் திரும்பிவரும். விரித்த பெயருள்ள சான்று எதுவும் இல்லாதவர்கள், ஆதாருக்கென்றே உள்ள சான்றிதழ்ப் படிவத்தில் புகைப்படம் ஒட்டி, கெஜடெட் அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கலாம். அது மூன்று மாதம்தான் செல்லும். ஒப்புகைச் சீட்டு தருவதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லி, EZHILARASI-க்கும் DHANASEKARAN-க்கும் நடுவே ஓர் இடைவெளி மட்டும் இருக்கிறதா, புள்ளி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பானில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம். தன் பெயரைக் கடைசிப் பெயராகவும் அப்பா பெயரை முதற்பெயராகவும் நிரப்பினால் DHANASEKARAN EZHILARASI என்று அச்சாகும். எழுத்தெல்லாம் சரி, வரிசை தலைகீழ். ஆதாரில் உள்ள வரிசையையே இங்கேயும் கொடுங்கள்.

இந்த இரண்டும் ஒத்துவிட்டால் வங்கி லேசானது. கிளையில் கேஒய்சி திருத்தப் படிவத்தோடு இரண்டின் நகலையும் கொடுத்தால் போதும். ரேஷன் அட்டைக்கு tnpds.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எங்காவது தேங்கி நிற்கிறதா என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். அட்டையில் ஆங்கிலப் பெயர் தனி வரி. தமிழ் வரி சரியாக இருப்பதால் Elilarasi பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

பாஸ்போர்ட் கடைசியில். கொடுக்கப்பட்ட பெயரில் EZHILARASI, குடும்பப்பெயரில் DHANASEKARAN. குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா, விசிட் விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் FNU விழும். அப்பா பெயருக்கான தனிக் கட்டத்திலும் இதே DHANASEKARAN இருக்க வேண்டும். வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்துக்குப் போகும்போது மூலச் சான்றுகளோடு அப்பாவின் ஆதார் நகலையும் கொண்டுபோங்கள். பட்டியலில் அது இல்லாவிட்டாலும், D எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட உதவும்.