கிழிசலைச் சுற்றி ஒரு வரப்பு

விழித்திரையில் கிழிசல் விழுந்தால் வலிக்காது. கண் சிவக்காது, நீர் வடியாது. எனக்கு வந்தது இரண்டே அறிகுறிகள். இருட்டில் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் இடது கண்ணின் ஓரத்தில் வளைவாக ஒரு வெளிச்சம் வெட்டியது. மறுநாள் காலை அதே கண்ணில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் மிதந்தன. என் பவர் மைனஸ் ஏழு என்பதால் ஒன்றிரண்டு புள்ளிகள் பல வருடமாகவே உண்டு. இது அப்படியல்ல, திடீரென்று ஒரு கூட்டமாக வந்தது. நாத்தனார் போனில் "மெட்ராஸ் ஐ ஆரம்பிக்குதோ என்னவோ" என்றார். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் இது தெரியாது. கண்பாவையை விரிய வைத்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் ரெட்டினா டாக்டரிடம்தான் போக வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, அன்றைக்கே ஆட்டோவில் போனோம்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். அது கொஞ்சம் எரியும், வாயில் கசப்பும் இறங்கும். பாவை விரிந்ததும் டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு தாளில் அச்சடித்திருந்த வட்டத்தில் வரைய ஆரம்பித்தார். இடது கண்ணில் மேலே, காதுப் பக்கமாக, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். சிவப்புப் பென்சிலில் குதிரை லாடம் மாதிரி ஒரு கிழிசல், அதைச் சுற்றி நீலக் கோடு.

"கண்ணுக்குள்ள ஜெல் இருக்கு மேடம். வயசாக ஆக அது சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். ஒட்டியிருந்த இடத்துல இழுத்துக் கிழிச்சிருக்கு. அந்த வழியா தண்ணி உள்ள போச்சுன்னா விழித்திரை உரிஞ்சிடும். இப்ப இன்னும் போகலை."

லேசர் போட்டால் கிழிசல் மூடிக்கொள்ளுமா என்று என் கணவர் கேட்டார். மூடாது என்றார் டாக்டர். கிழிசல் அப்படியே இருக்கும். அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு வைப்பார்கள். சுட்ட இடங்கள் தழும்பாகி, விழித்திரை பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வயலில் தண்ணீர் தாண்டாமல் வரப்பு போடுவது போலத்தான். இந்த மாதிரி அறிகுறியோடு வரும் லாடக் கிழிசலை அப்படியே விட்டால், பாதிப் பேருக்காவது விழித்திரை பிரியும் என்றார். அதற்கப்புறம் யோசிக்க எதுவுமில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார்கள். வழக்கமாகக் கண் பார்க்கும் கருவி மாதிரியே ஒன்று. தாடையை வைத்து, நெற்றியை அழுத்தி உட்கார வேண்டும். பிசுபிசுப்பான ஜெல் தடவிய ஒரு கண்ணாடி வில்லையை நேராகக் கருவிழி மேல் வைத்தார். உறுத்தும், ஆனால் வலிக்காது. இமைக்க முயன்றாலும் முடியாது. அப்புறம் பச்சை வெளிச்சம் பளிச், பளிச் என்று விழ ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் கண்மூடித் திறக்கும் நேரம்தான். வெளிச்சத்தைவிட, அடுத்தது எப்போது என்று காத்திருப்பதுதான் சிரமம். "இடது காதைப் பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலில் வலியே இல்லை. கிழிசலின் கீழ் ஓரத்துக்கு, அதாவது மூன்று மணிப் பக்கம் வந்தபோது, ஒவ்வொரு பளிச்சுக்கும் கண்ணின் ஆழத்தில் சுருக்கென்று குத்தியது. புருவம் வரை தெறித்தது. அங்கே நரம்பு ஓடுகிறதாம். சொட்டு மருந்து கண்ணின் மேல்பரப்பை மட்டும்தான் மரக்க வைக்கும், உள்ளே எட்டாது. சொன்னதும் நிறுத்தி, சக்தியைக் குறைத்துத் தொடர்ந்தார். வாயை மூடிக்கொண்டு பொறுத்தால் நம்மை அறியாமல் கண் அசைந்துவிடும். அதனால் வலித்தால் சொல்லிவிடுவதே நல்லது. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

வில்லையை எடுத்ததும் அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, ஊதா கலந்த இருட்டு. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வயிற்றைக் கலக்கியது. வெளிச்சத்தில் கூசிப்போனதுதான், காபி குடித்து முடிப்பதற்குள் தெளிய ஆரம்பித்தது. மங்கல் மட்டும் சாயங்காலம் வரை இருந்தது, அது விரிந்த பாவையால். மதிய வெயிலில் அண்ணா சாலையைக் கருப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே முடியாது. அன்று வண்டி ஓட்டவும் முடியாது. இரவு லேசாகத் தலைவலி, ஒரு பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது.

முக்கியமானது இனிமேல்தான். சுட்ட அன்றே வரப்பு உறுதியாகிவிடாது. தழும்பு முழுசாகப் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை ஜெல் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது, குலுங்கும் பயணம் வேண்டாம் என்றார். தலைக்குக் குளிக்கலாம், டிவி பார்க்கலாம். வெட்டுக்காயம் எதுவும் இல்லாததால் கட்டு, பத்தியம் இல்லை. தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு, சுவர் காலண்டரின் நடுவைப் பார்த்தபடி நாலு ஓரமும் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், கிழிசல் மேலே காதுப் பக்கம் என்றால் நிழல் கீழே மூக்குப் பக்கத்திலிருந்துதான் ஏறும். அந்த மூலையில் திரை மாதிரி ஏதாவது தெரிந்தால், அல்லது புள்ளிகள் மறுபடி கொத்தாக வந்தால், இரவானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும்.

எனக்கு நிழல் வரவில்லை. ஆனால் மறுபரிசோதனையில் டாக்டர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பின்பக்கமும் இரண்டு பக்கமும் பொட்டுகள் கறுத்து நன்றாகப் பதிந்திருந்தன. கிழிசலின் முன் விளிம்பு, அதாவது கருவிழிக்குக் கிட்டே இருக்கும் பக்கம், போதவில்லை. உட்கார்ந்து போடும் லேசர் அவ்வளவு முன்னால் எட்டுவது கஷ்டம்; ஜெல் இழுப்பதோ அந்தப் பக்கம்தான். அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த வழியாகச் சுற்றி நுழையும்.

இந்த முறை படுக்க வைத்தார்கள். டாக்டர் தலையில் மாட்டிக்கொண்ட கருவியிலிருந்து லேசர் வந்தது. ஒரு கையில் வில்லை, இன்னொரு கையில் ஒரு சின்ன உலோகக் கம்பி; அதனால் இமைக்கு மேலிருந்து அழுத்தி, ஓரத்தை உள்ளே தள்ளிப் பார்த்துச் சுட்டார். அழுத்தம்தான் தாங்கவில்லை, லேசர் பரவாயில்லை. ஆனால் சீக்கிரம் முடிந்தது. முன் விளிம்பு எப்படி இருக்கிறது என்று மறுபரிசோதனையில் நீங்களே கேளுங்கள். சரியாக இருந்தால் அப்படியே சொல்லிவிடப் போகிறார்கள்.

அடுத்த முறை பார்த்தபோது சுற்றிலும் தழும்பு பிடித்திருந்தது. மின்னல் வெட்டு மெதுவாகக் குறைந்து, இப்போது எப்போதாவதுதான் வருகிறது. புள்ளிகள் போகவில்லை, லேசர் அதற்கான சிகிச்சையும் அல்ல. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் ஆடும், மற்றபடி மறந்துவிடுகிறேன். வலது கண்ணையும் ஓரம் வரை பார்த்தார்கள், அதில் கிழிசல் இல்லை. ஆனால் அங்கே ஜெல் இன்னும் விலகவில்லையாம். அதனால் அந்தக் கண்ணில் மின்னல் வந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்.