பிடிஎஃப் டிசைனில் பட்டன்களை வேலை செய்ய வைப்பது: ஒரு ப்ராஜெக்ட் அனுபவம்

கிராஃபிக் டிசைன் டிப்ளமோவின் கடைசி ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு கேட்டரிங் கடைக்கான ஒரு பக்க விளம்பரம். A4 அளவு, வாட்ஸப்பில் அனுப்பக்கூடிய பிடிஎஃப். அடிப்பகுதியில் போன் எண், மின்னஞ்சல், வாட்ஸப் பட்டன், மேப் பட்டன். தேர்வாளர் அதைத் தன் போனில் திறந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுத்து எழுத்தாகவே இருக்கும் பிடிஎஃப்பில் https என்று தொடங்கும் முகவரியைப் பல வியூவர்கள் தாங்களே கண்டுபிடித்து இணைப்பாக்கிவிடும். தமிழ் டிசைனில் இதை நம்ப முடியாது. ஃபாண்ட் உடையாமல் இருக்க நாம் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக மாற்றித்தான் ஏற்றுமதி செய்கிறோம். அதன்பின் போன் எண்ணும் வெறும் வடிவம்தான். பட்டனோ முதலிலிருந்தே படம். ஆகவே பக்கத்தின் மேல் ஒரு கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்தை வைத்து, அதைத் தொட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுதான் லிங்க் அனோட்டேஷன். கீழே உள்ள ஓவியத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை என்பதை மனதில் வையுங்கள். பட்டனை நகர்த்தினால் செவ்வகம் கூடவே வராது.

நான் அக்ரோபேட் ப்ரோவில் செய்தேன். Edit PDF பகுதியில் Link கருவியை எடுத்து, பட்டன்மேல் செவ்வகம் வரைந்ததும் ஒரு பெட்டி திறக்கும். Link Type-இல் Invisible Rectangle தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிசைன்மேல் கோடு தெரியும். செயலுக்கு Open a web page கொடுத்து Next அழுத்தினால் முகவரி கேட்கும். போனுக்கும் மின்னஞ்சலுக்கும்கூட இதே இடம்தான்:

```
tel:+91XXXXXXXXXX
mailto:order@example.com?subject=Catering%20Order
https://wa.me/91XXXXXXXXXX
```

எண்ணில் நாட்டுக் குறியீடு கட்டாயம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் ஊர்க் கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்ல அழைத்தால், வெறும் பத்து இலக்கம் போய்ச் சேராது. tel-இல் கூட்டல் குறி வேண்டும், wa.me-இல் கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் கூடாது. இணையதளத்துக்கு www என்று மட்டும் எழுதி விடாதீர்கள். https:// இல்லையென்றால் சில வியூவர்கள் அதை அதே ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, கோப்பு இல்லை என்று சொல்லும்.

அடுத்து அளவு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் போனில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. A4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். போன் திரையின் அகலம் சுமார் 70. அதாவது பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கணினியில் பெரிதாகத் தெரிந்த 6 மில்லிமீட்டர் ஐகான் கையில் வெறும் 2 மில்லிமீட்டர்; விரல் சரியாகப் படாது. விரலுக்கு 7 மில்லிமீட்டராவது வேண்டும் என்றால், தாளில் 21 மில்லிமீட்டர். ஐகானைப் பெரிதாக்கத் தேவையில்லை, செவ்வகத்தைப் பெரிதாக்கினால் போதும். நான் ஐகான், பக்கத்தில் உள்ள எண், சுற்றியுள்ள வெற்றிடம் எல்லாவற்றையும் ஒரே செவ்வகத்துக்குள் அடக்கினேன். ஆனால் இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் மேலே இருப்பதுதான் தொடுதலை வாங்கும். மின்னஞ்சலைத் தொட்டால் போன் திறக்கும். இதனாலேயே அடிப்பகுதியில் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு டிசைன் செய்வது நல்லது.

சேமித்தபின் கணினியில் மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். போனுக்கு அனுப்பி, இரண்டு வேறு ஆப்களில் திறந்து தொடுங்கள். சில வியூவர்கள் tel: இணைப்பைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் எண்ணைப் படிக்கும்படி பெரிதாகவே போடுங்கள், பட்டனுக்குள் ஒளிக்காதீர்கள். வேலை செய்த கோப்பை மறுபடி Print வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் இணைப்புகள் போய்விடும். கோப்பைச் சுருக்க வேண்டுமானால் முதலில் சுருக்கிவிட்டு, அப்புறம் இணைப்பு போடுங்கள்.

கடைசியாக, டிசைனில் திருத்தம் வந்தால். விலை மாறியது, போட்டோ மாறியது என்று கண்டிப்பாக வரும். புதிய கோப்பில் எல்லாச் செவ்வகத்தையும் திரும்ப வரைய வேண்டாம். இணைப்பு போட்ட பழைய கோப்பைத் திறந்து, Organize Pages-இல் Replace கொடுத்து, புதிய பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தும் படமும் மட்டும் மாறும். பழைய பக்கத்தின் இணைப்புகள் அதே இடத்தில் நிற்கும். பட்டன்களின் இடம் மாறியிருந்தால் மட்டும் அந்தந்தச் செவ்வகத்தை இழுத்து நகர்த்தினால் சரி.