கண்ட ரஜ்ஜு: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் எழுதிய கடிதம்

மார்ச் 4, 2025

ஜோசியர் திருப்பிக் கொடுத்த குறிப்புத் தாளை அம்மா படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பத்துப் பொருத்தங்களில் சில உண்டு, சில இல்லை. ஆனால் நட்சத்திரங்களை உடல் உறுப்புகளுக்குப் பிரித்துப் பார்க்கிற ‘ரஜ்ஜு’ என்ற பொருத்தத்தின் பெயரை மட்டும் ஜோசியர் சிவப்பு மையால் இரண்டு முறை சுழித்து, அருகில் ‘கண்டம், கூடாது’ என்று எழுதியிருக்கிறார். என் நட்சத்திரம் ரோகிணி, நான் மணக்க விரும்புகிறவருடையது சுவாதி. இரண்டும் கண்டம் எனப்படும் கழுத்து ரஜ்ஜுவில் விழுகின்றன. கழுத்தில் சேர்ந்தால் மனைவிக்கு ஆயுள் பங்கம் என்பது சாத்திரம். அதாவது சாகப்போகிறவள் நான். தொலைபேசியில் அப்பா ஒரு வார்த்தையும் பேசாததற்குக் காரணம் கோபம் இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மார்ச் 9

அம்மா வேறு ஊரில் இன்னொரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அசுவினியில் தொடங்கி நட்சத்திரங்கள் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஏறி, பிறகு அதே வழியில் இறங்குகின்றன. ரோகிணி ஏறும்போது வருகிற கழுத்து, சுவாதி இறங்கும்போது வருகிற கழுத்து. ஆகவே தோஷம் இல்லை, தாராளமாகச் செய்யலாம் என்பது இவர் வாக்கு. அம்மாவின் குரலில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு தெரிந்தது. முதலாமவரோ, ஏற்றமும் இறக்கமும் பார்ப்பது ஒப்பேற்றுகிற வேலை என்கிறாராம்.

‘சரி, இதையே பிடித்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. இரண்டாமவர் வாக்கை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டால், எனக்கு முதல் காய்ச்சல் வருகிற அன்றே முதலாமவர் வாக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

மார்ச் 15

இன்று கடிதத்தை எழுதி முடித்தேன். அப்பா அம்மா கல்யாணம் சொந்தத்தில் நடந்ததால் பொருத்தமே பார்க்கவில்லை என்று பாட்டி சொன்னதையும் முதலில் எழுதியிருந்தேன். அது அவர்களை மடக்குமே தவிர ஆற்றாது என்று தோன்றியதால் அடித்துவிட்டேன். மீதி இது:

“அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் அவரைத்தான் திருமணம் செய்துகொள்ளப் போகிறேன். இதை உங்கள் அனுமதியைக் கேட்கும் பாவனையில் எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பதால், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜாதகத்தில் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. முதல் ஜோசியர் சொன்னபடியே கண்ட ரஜ்ஜு இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மா, நீங்கள் இன்னும் ஒரு ஜோசியரைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு மாலை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலையில் மூன்று நட்சத்திரங்கள், மற்ற நான்கு ரஜ்ஜுக்களிலும் ஆறாறு, ஆக 27. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால், 729 சேர்க்கைகளில் 153 ஒரே ரஜ்ஜுவில் விழுகின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஏற்ற இறக்கம் பாராமல் கணக்கிட்டால், குறிப்புப் பார்க்காமல் மணந்துகொண்ட குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் குறை இருந்திருக்கும். அப்பா, அத்தனை வீடுகளிலும் சாத்திரம் சொல்கிற கேடு நடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் கணக்கு உங்கள் பயத்தைப் போக்கிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் பயம் என் உயிரைப் பற்றியது. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஆபத்து எனக்கு என்று எழுதப்பட்டிருப்பதால், அதை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவளும் நானே. மூன்று ஆண்டுகளாக அவரை அறிவேன். கோபத்தில் எப்படிப் பேசுவார், கடன் வாங்கினால் எப்படித் திருப்புவார், தன் தாய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது எத்தனை இரவுகள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதை எல்லாம் பார்த்திருக்கிறேன். என் ஆயுளை நான் ஒப்படைப்பது அதை நம்பித்தான்.

முகூர்த்தமும் புரோகிதரும் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லும் என்று தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. பிறகு பதிவு செய்தால் போதும். இந்த வழி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் ஆவணி வரை காத்திருக்க நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நீங்கள் நாள் குறித்தால் அந்த நாளிலேயே நடக்கட்டும். பரிகாரம் செய்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும் என்றால் செய்யுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.”

மார்ச் 21

கடிதம் போய்ச் சேர்ந்து மூன்று நாட்கள் ஆகின்றன. அம்மா இரண்டு முறை அழைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 23

இரவு ஒன்பது மணிக்கு அப்பா அழைத்தார். ரஜ்ஜு கணக்கைத் தானும் தாளில் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். 153 சரியாக வந்ததாம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே எனக்குச் சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். நான் மணக்கப்போகிறவரின் அம்மாவுடைய எண்ணைச் சொன்னேன். அப்பா அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.