பவளக்கல் கலந்த மண்ணில் கார்பன் கணக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் குழி வெட்ட வருகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "ரெண்டு சாண் இறங்குனா பாருதான் சார்." பார் என்று அவர்கள் சொல்வது, ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த பவளப்பாறை. அந்தக் கரையில் அது தரையாகவே கிடக்கிறது. பனைக்கும் குடைவேலுக்கும் கீழே மேலாக மணல், அதற்கடியில் சிப்பித்துண்டும் பவளச் சில்லும் கலந்த மண். மண்ணில் எவ்வளவு கரிமக் கார்பன் இருக்கிறது என்று அளப்பது என் வேலை. இங்கே அந்தக் கணக்கு தப்புவது பெரும்பாலும் கார்பனை அளப்பதில் அல்ல, கல்லைக் கழிப்பதில்தான்.

ஆய்வகம் தரும் கார்பன் சதவீதம் 2 மி.மீ. சல்லடையில் இறங்கிய நுண்மண்ணுக்கு மட்டும் உரியது. சல்லடை மேல் நிற்கும் கல்லுக்கு அதில் பங்கில்லை. ஆனால் வயலில் அந்தக் கல்லும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இடத்தைக் கழிக்காவிட்டால் இல்லாத மண்ணுக்கும் சேர்த்துக் கார்பன் எழுதியவர்கள் ஆவோம்.

வழக்கமாக, கொள்ளளவு தெரிந்த இரும்பு உருளையை மண்ணில் அடித்து மாதிரி எடுப்பார்கள். கல் கலந்த அடுக்கில் அந்த உருளை இறங்காது, இறங்கினாலும் வாய் நசுங்கும். அதனால் 10 செ.மீ. ஆழத்தில் தரையைச் சமன் செய்து, அங்கிருந்து 20 செ.மீ. வரை சிறு குழி தோண்டி, வந்த மண்ணை ஒரு பொடி விடாமல் பையில் கட்டுகிறோம். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மடிப்பில்லாமல் படியவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் குழியின் கொள்ளளவு கிடைக்கும். அப்படி எடுத்த ஒரு குழியின் கணக்கு இது. தண்ணீர் 2,000 மி.லி. பிடித்தது. அடுப்பில் உலர்த்திச் சலித்ததில் நுண்மண் 2,300 கிராம், கல் 800 கிராம். நுண்மண்ணில் கரிமக் கார்பன் 0.6 சதவீதம்.

800 கிராம் கல் எவ்வளவு இடத்தை அடைத்தது? வழக்கமாகக் கல்லின் அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 2.65 கிராம் என்று வைத்துக்கொள்வார்கள். கருங்கல்லுக்கு அது சரி. பவளச்சில்லில் ஊசி நுழையும் துளைகள் இருக்கின்றன. கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு அளவுகுடுவையில் போட்டோம். தண்ணீர் 400 மி.லி. உயர்ந்தது. அதாவது குழியில் 20 சதவீதம் கல். 2.65 என்று வைத்திருந்தால் 15 சதவீதம்தான் வந்திருக்கும். எடையைப் பார்த்து 26 சதவீதம் என்று எழுதுவதும் தப்பு.

2,000 மி.லி.யில் கல்லின் 400 போக மீதி 1,600. ஆகவே நுண்மண்ணின் பரும அடர்த்தி 2,300 ÷ 1,600, அதாவது 1.44. கார்பன் சதவீதம், பரும அடர்த்தி, அடுக்கின் 10 செ.மீ. தடிமன், கல் போக மீதி இடம் ஆகியவற்றைப் பெருக்கினால் அந்த அடுக்கின் கார்பன்:

0.6 × 1.44 × 10 × (1 − 0.20) = எக்டேருக்கு 6.9 டன்.

கல்லோடு சேர்த்து எடை போட்டு, எதையும் கழிக்காமல் விட்டால் 9.3 டன் வரும்.

இதே 6.9 இன்னொரு வழியிலும் வரும். 2,300 கிராமை முழுக் குழியின் 2,000-ஆல் வகுத்தால் 1.15. அதை 0.6, 10 இரண்டாலும் பெருக்கினால் போதும். கல்லின் கொள்ளளவே தேவையில்லை, ஏனென்றால் கல் அடைத்த இடம் வகுக்கும்போதே கழிந்துவிட்டது. இதை அறியாமல் 1.15-ஐ மறுபடி 0.80-ஆல் பெருக்கிய கணக்குத்தாள் ஒன்று எங்களிடம் வந்தது. கார்பன் 5.5 டன்னுக்கு இறங்கியிருந்தது. ஒரே கல்லை இரண்டு முறை கழித்திருந்தார்கள். உடன் வேலை செய்யும் தம்பியிடம் நான் சொல்வது இதுதான்: "அடர்த்தின்னு ஒரு நம்பர் வந்தா, எதை எதால வகுத்ததுன்னு முதல்ல கேளு."

அப்படியானால் கல்லின் கொள்ளளவு எப்போது தேவை? கல்லில்லாத இடமாகப் பார்த்து உருளை அடித்து 1.44 என்று வாங்கி, கல்லின் அளவை வேறு குழியிலிருந்து எடுக்கும்போது. அப்போது 2.65 என்ற ஊகம் நேராகப் பிழையாகும்: 6.9 இருக்க வேண்டிய இடத்தில் 7.3.

சலிக்கும்போதும் கவனம் வேண்டும். மண்கட்டியை இரும்பு உலக்கையால் இடித்தால் பவளச்சில்லும் உடைந்து சல்லடையில் இறங்கி, நுண்மண்ணின் எடை பொய்யாகக் கூடும். மரக்கட்டையால் உருட்டினால் போதும். மண்ணை எரித்து வெளிவரும் வாயுவை அளக்கும் உலர் எரிப்பு முறையில் கார்பன் பார்ப்பதாக இருந்தால் அந்தத் தூளின் சுண்ணாம்புக் கார்பனும் சேர்ந்துகொள்ளும். அமிலத்தில் அதை முதலில் நீக்கியாக வேண்டும். துளைகளில் ஒட்டிய மண்ணைக் கழுவி நுண்மண்ணோடு சேர்க்கவும் வேண்டும்.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாகக் கழிப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேல் அடுக்கில் கார்பன் அதிகம், கல் குறைவு, கீழே நேர்மாறு. 30 செ.மீ.க்கும் ஒரே சராசரிக் கல் சதவீதத்தைப் போட்டால், கல் குறைந்த மேல்மண்ணின் கார்பனும் அளவுக்கு மீறி வெட்டுப்படும்.

பழைய அறிக்கைகளைத் திருத்தக் கேட்டு வருகிறார்கள். நுண்மண்ணின் எடையும் குழியின் மொத்தக் கொள்ளளவும் எழுதியிருந்தால் உடனே திருத்தித் தரலாம். வெறும் பரும அடர்த்தி மட்டும் இருந்தால் திரும்ப ஒரு குழி வெட்டித்தான் ஆக வேண்டும்.